ஆறு லட்சத்தில் தோற்கக்கூடியது எவ்வளவு?

2023 செப்டம்பரில் அணக்கரையிலிருந்து ஒரு பெரியவர் குமுளியில் உள்ள என் கடைக்கு வந்தார். இரண்டு ஏக்கர் ஏலத்தோட்டம் வைத்திருப்பவர். பதினொரு ஆண்டுகளாக என்னிடம்தான் காய் போடுகிறார். ஏலக்காயை ஏறக்குறைய நாற்பது நாளுக்கு ஒரு முறை எடுக்க வேண்டும். கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் விடியலில் ஜீப்பில் மலையேறி வருகிற பெண்களுக்கு வாராவாரம் கூலி கொடுத்தாக வேண்டும். காய் உலர்ந்து, ஏலத்துக்குப் போய்ப் பணம் வரும்வரை சிறு தோட்டக்காரர்களால் தாக்குப்பிடிக்க முடியாது. அதனால் எங்களைப் போன்ற வியாபாரிகள் முன்பணம் கொடுப்போம். அந்தப் பணம்தான் எங்கள் தொழிலின் அச்சாணி. அந்த ஆண்டு அவர் கேட்டபோது கொடுக்கும் அளவுக்கு என்னிடம் பணம் இல்லை.

“பரவாயில்லை தம்பி, வேறு இடத்தில் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அந்தப் பருவத்தில் அவருடைய காயும் வேறு கடைக்குப் போனது. அவரைத் தொடர்ந்து இன்னும் மூவர் போனார்கள். பங்குச் சந்தைக் கணக்கில் எனக்கு ஏற்பட்ட நட்டத்தை எண்ணாகச் சொல்லிவிடலாம். இந்த நால்வரை இழந்ததை அப்படிச் சொல்ல முடியவில்லை. கணக்கு அழிவது என்றால் என்ன என்று நான் யோசிக்கத் தொடங்கியது அன்றுதான். அதுவரை இருப்பு பூஜ்யத்துக்கு வந்தால்தான் அழிவு என்று நினைத்திருந்தேன். என் கணக்கில் அன்றும் 2,52,000 ரூபாய் இருந்தது.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

அந்த ஆண்டு ஜனவரியில் 6 லட்சம் ரூபாயுடன், ஐம்பது பெரிய நிறுவனங்களின் பங்குக் குறியீடான நிஃப்டியின் ஃபியூச்சர்ஸில், அதாவது முன்பேர ஒப்பந்தங்களில், இறங்கினேன். யாரோ கொடுத்த டிப்ஸை நம்பி இறங்கவில்லை. முந்தைய ஆண்டுகளின் வரைபடங்களை வைத்துக்கொண்டு மூன்று மாதம் இரவுகளில் உட்கார்ந்து ஒரு விதியைச் சோதித்தேன். சந்தை முந்தைய வார உச்சத்துக்கு மேல் முடிந்தால் வாங்குவது, முந்தைய வாரத் தாழ்வுக்குக் கீழ் முடிந்தால் விற்பது. 150 புள்ளி லாபம் வந்தால் வெளியேறுவது, 150 புள்ளி நட்டம் வந்தாலும் வெளியேறுவது. நோட்டில் எழுதிப் பார்த்த 120 டிரேடுகளில் 66 வெற்றி பெற்றிருந்தன. நூற்றுக்கு 55. லாபமும் நட்டமும் ஒரே அளவு என்பதால், 55 வெற்றி, 45 தோல்வி, நூற்றுக்கு 10 எனக்குச் சாதகம் என்று கணக்கிட்டேன்.

லாட் என்பது எடுக்கக்கூடிய மிகச் சிறிய தொகுதி. அப்போது நிஃப்டியின் ஒரு லாட் 50. 150 புள்ளிக்கு ஒரு லாட்டில் 7,500 ரூபாய். ஒரு லாட்டுக்கு மார்ஜின், அதாவது ஈடாகக் கட்டி வைக்க வேண்டிய பணம், ஏறக்குறைய 1.1 லட்சம் கேட்டார்கள். 6 லட்சத்தில் தாராளமாக 4 லாட் எடுக்கலாம் என்று எடுத்தேன். ஒரு டிரேடில் தோற்றால் 30,000 ரூபாய், முதலில் நூற்றுக்கு 5. இருபது முறை தொடர்ந்து தோற்றால்தானே பணம் முழுவதும் போகும், அது எங்கே நடக்கப்போகிறது என்பதுதான் என் எண்ணம். எத்தனை லாட் என்ற முடிவுக்கு நான் செலவிட்ட நேரம் ஐந்து நிமிடம்கூட இருக்காது. விதியைச் சோதிக்க மூன்று மாதம் செலவிட்டவன், அளவை மார்ஜின் திரையைப் பார்த்து முடிவு செய்தேன். நான் செய்த பிழைகளில் தலையானது இதுதான்.

முதல் 20 டிரேடுகளில் 12 வென்றேன், 8 தோற்றேன். தரகும் வரியும் போக இருப்பு 6,96,000 ஆனது. முறை சரியாக வேலை செய்கிறது என்று 5 லாட்டுக்கு ஏற்றினேன். அடுத்த 16 டிரேடுகளில் 5 வெற்றி, 11 தோல்வி. இருப்பு 4,47,000 ஆகிவிட்டது. இந்தப் பணத்துக்கு 5 லாட் கிடைக்காது. உண்மையில் அங்கே நான் நின்றிருக்க வேண்டும். ஆனால் என் பெயரில் பழைய பங்குகள் கொஞ்சம் இருந்தன. அவற்றைப் பிணை வைத்து மார்ஜின் பற்றாக்குறையை நிரப்பினேன். பிறகு தொடர்ந்து ஐந்து தோல்வி. 2,52,000 ரூபாயில் வந்து நின்றேன். மொத்தம் 41 டிரேடு, 17 வெற்றி, 24 தோல்வி.

வண்டிப்பெரியாரில் தமிழ்வழிப் பள்ளியில் கணக்கு கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் எங்களுக்குக் குடும்ப நண்பர். அவரிடம் நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நூற்றுக்கு 55 வெல்லும் விதி எப்படி என்னை இப்படிக் கொண்டுவந்து விட்டது என்று கேட்டேன். நோட்டை ஓரமாக வைத்துவிட்டு அவர் ஒரு கேள்வி கேட்டார்.

“ஆறு லட்சத்தில் தோற்கக்கூடியது எவ்வளவு, தம்பி?”

“முழுவதும் என் பணம்தான் சார்.”

“அதைக் கேட்கவில்லை. எவ்வளவு போன பிறகு உன் தொழில் நிற்கும்?”

ஆகஸ்டிலிருந்து தோட்டக்காரர்களுக்கு முன்பணம் கொடுக்க 3 லட்சம் வேண்டும். அந்தப் பணமும் அதே 6 லட்சத்துக்குள்தான் இருந்தது. பருவம் வருவதற்குள் எடுத்துவிடலாம் என்று போட்டிருந்தேன். அப்படியானால் 3 லட்சத்துக்குக் கீழே இருப்பு இறங்கும் கணத்தில் நான் அழிந்தவன். பூஜ்யம் என் கோடு அல்ல. 3 லட்சம்தான் என் கோடு. அதை நான் எந்தத் தாளிலும் எழுதிவைத்திருக்கவில்லை.

இதற்கான கணிதம் பழையது. 1656-ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சுக் கணித அறிஞர்கள் பாஸ்கலும் பெர்மாவும் இரண்டு சூதாடிகளில் யார் முதலில் காலியாவார் என்ற புதிரைக் கடிதங்களில் விவாதித்திருக்கிறார்கள் என்று ஆசிரியர் சொன்னார். வெல்வதும் தோற்பதும் ஒரே அளவாக இருக்கும் ஆட்டத்துக்கு விடை ஒரே வரி. கணினியில் விரிதாள் திறந்து A1 கட்டத்தில் சாதகத்தையும், B1 கட்டத்தில் அலகுகளின் எண்ணிக்கையையும் போட்டுவிட்டு இதை எழுத வேண்டும்:

```
=((1-A1)/(1+A1))^B1
```

சாதகம் நூற்றுக்கு 10 என்றால் A1-இல் 0.10. அலகு என்பது ஒரு டிரேடில் தோற்கும் தொகை. என்னிடம் தோற்கக்கூடிய பணத்தில் அப்படி எத்தனை அலகு இருக்கின்றன என்பதுதான் B1. நான் மனத்தில் வைத்திருந்தது 6 லட்சம் வகுத்தல் 30,000, அதாவது 20 அலகு. அதற்கு விடை 0.018. நூற்றில் இரண்டு பேர்கூட அழியமாட்டார்கள். இந்த எண்ணை ஜனவரியில் பார்த்திருந்தாலும் நான் துணிந்துதான் இறங்கியிருப்பேன். ஆனால் கோடு 3 லட்சத்தில் இருக்கிறது. எனவே தோற்கக்கூடியது 3 லட்சம், அலகு 10. அதற்கு விடை 0.134. நூற்றில் பதின்மூன்று பேர்.

அடுத்து ஆசிரியர் செலவைக் கேட்டார். தரகு, பங்குப் பரிவர்த்தனை வரி, சந்தைக் கட்டணம், ஜி.எஸ்.டி., நினைத்த விலைக்கும் கிடைத்த விலைக்கும் உள்ள வித்தியாசம் எல்லாம் சேர்த்து என் நோட்டின்படி ஒரு டிரேடுக்குச் சராசரியாக 6 புள்ளி போயிருந்தது. 150 புள்ளியில் 6 புள்ளி அற்பமாகத் தோன்றும். வென்றால் 144, தோற்றால் 156. நூறு டிரேடுக்குக் கூட்டிப் பார்த்தால் சராசரி மிச்சம் டிரேடுக்கு 9 புள்ளிதான். 150-இல் 9 என்பது நூற்றுக்கு 6. என் சாதகம் 10 அல்ல, 6. செலவு தின்றது 150-இல் ஒரு சிறு துண்டை என்று நான் நினைத்திருந்தேன். அது தின்றது சாதகத்தில் ஐந்தில் இரண்டு பங்கு. இப்போது A1-இல் 0.06, B1-இல் 10. விடை 0.30. பத்தில் மூன்று பேர்.

இதே விதியை அன்றைக்கன்றே முடிக்கும் டிரேடாக, 40 புள்ளி நட்டத்தில் தானாக வெளியேறும் ஸ்டாப்லாஸுடன் செய்தால் என்ன ஆகும் என்று வீட்டுக்கு வந்து கணக்கிட்டுப் பார்த்தேன். 40-இல் 6 போனால் நூற்றுக்கு 15 போகிறது. நூற்றுக்கு 10 சாதகம் இருந்தாலும் அது எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். சாதகம் பூஜ்யமோ அதற்குக் கீழோ ஆகிவிட்டால், எத்தனை அலகாகப் பிரித்தாலும் தொடர்ந்து ஆடுகிறவர் ஒரு நாள் அழிந்தே தீர்வார். அளவைக் குறைப்பது அந்த நாளைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். குமுளி எல்லையில் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து வந்து கேரள லாட்டரிச் சீட்டு வாங்குகிறவர்களை நாள்தோறும் பார்க்கிறேன். நாள்தோறும் ஒரு சீட்டு வாங்குகிறவருக்கும் பத்துச் சீட்டு வாங்குகிறவருக்கும் உள்ள வித்தியாசம் வேகம் ஒன்றுதான்.

ஆசிரியரின் மூன்றாவது கேள்விதான் என்னை உறங்கவிடாதது. “அந்த 55 உனக்கு எப்படித் தெரியும்?”

120 டிரேடில் 66 என்றேன். வெற்றி வாய்ப்பு சரிபாதியாக இருக்கும் ஒரு நாணயத்தை 120 முறை சுண்டினால் 60 தலை விழ வேண்டும், ஆனால் 66 விழுவதும் சாதாரணம் என்றார். 120 என்ற எண்ணிக்கைக்கு இரண்டு பக்கமும் ஏறக்குறைய 9 விழுக்காடு தடுமாற்றம் உண்டு. உண்மையான வெற்றி விகிதம் 46-ஆகவும் இருக்கலாம், 64-ஆகவும் இருக்கலாம். என் நோட்டால் அதற்குமேல் எதுவும் சொல்ல முடியாது. அதோடு நான் 100 புள்ளி, 150 புள்ளி, 200 புள்ளி என்று மூன்று விதமாகச் சோதித்து, அவற்றில் நன்றாக வந்ததைத் தேர்ந்தெடுத்திருந்தேன். மூன்றில் நல்லதைப் பொறுக்கியவனுக்குக் கிடைத்த எண்ணில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் கலந்தே இருக்கும். ஏலக்காய் வாங்கும்போது சாக்கின் மேல்வாய்க் காயை மட்டும் பார்த்து விலை சொல்லாதவன் நான். அடியில் கைவிட்டு எடுத்துப் பார்ப்பேன். என் விதியின் சாக்கில் அப்படிக் கைவிட்டுப் பார்க்கவில்லை.

55 என்பது உண்மையில் 54 என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு விழுக்காடு குறைவு. செலவு போகச் சாதகம் 6-இலிருந்து 4-ஆக இறங்குகிறது. பத்து அலகுக்கு அழியும் வாய்ப்பு 0.45. உண்மை 53 என்றால் சாதகம் 2, அழியும் வாய்ப்பு 0.67. உண்மை 52 என்றால் சாதகமே இல்லை. நூற்றில் இரண்டு என்று தொடங்கிய எண் அதே டிரேடுகளுக்கு, அதே விதிக்கு, படிப்படியாக நூற்றில் 45-ஐத் தொட்டுவிட்டது. நான் பயணம் செய்த வண்டி எது என்று அப்போதுதான் தெரிந்தது.

அளவை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு அவர் தந்த விளக்கத்தைப் பிறகு பலருக்குச் சொல்லியிருக்கிறேன். பத்து அலகு உள்ளவன் அழியும் வாய்ப்பு 0.30. அவனே அளவைப் பாதியாக்கி இருபது அலகு வைத்துக்கொண்டால்? இருபது அலகு அழிய வேண்டுமானால் முதலில் பத்து அலகு அழிய வேண்டும். அங்கிருந்து, புதிதாகத் தொடங்கியதுபோல் இன்னொரு பத்து அலகும் அழிய வேண்டும். மலையிறங்குகிற வண்டி ஒரு சோதனைச் சாவடியைத் தாண்டினால் போதாது, இன்னொன்றையும் தாண்ட வேண்டும். 0.30 பெருக்கல் 0.30, அதாவது 0.09. மறுபடியும் பாதியாக்கி நாற்பது அலகு ஆக்கினால் 0.09 பெருக்கல் 0.09. அது 0.008. நான்கு லாட்டில் நூற்றுக்கு 30, இரண்டு லாட்டில் 9, ஒரு லாட்டில் ஒன்றுக்கும் குறைவு. லாபம் பாதியாகும்போது ஆபத்து பாதியாவதில்லை. அது தன்னைத் தானே பெருக்கிக்கொண்டு சுருங்குகிறது. சாதகம் பாதியாகிவிட்டால் அதை ஈடுகட்ட அலகை இரட்டிப்பாக்க வேண்டும் என்பதும் இதிலிருந்தே வருகிறது. 6 சாதகத்தில் பத்து அலகும், 3 சாதகத்தில் இருபது அலகும் ஒரே ஆபத்துதான்.

சாதகத்தைப் பற்றி நான் தவறாக இருந்தாலும் என்ன ஆகும் என்பதையும் இந்தக் கணக்கு காட்டிவிடுகிறது. ஒரு லாட், நாற்பது அலகு. சாதகம் 6 என்றால் அழியும் வாய்ப்பு 0.008, 4 என்றால் 0.04, 2 என்றால் 0.20. நான்கு லாட்டில் இதே மூன்று எண்கள் 0.30, 0.45, 0.67. சிறிய அளவு என்பது என் அறியாமைக்கு நான் ஒதுக்கி வைக்கும் பணம் என்று எனக்குப் புரிந்தது. சாதகம் என் கையில் இல்லை. அது என்ன என்பதுகூட எனக்குச் சரியாகத் தெரியாது. லாட் எண்ணிக்கை மட்டும்தான் முழுவதும் என் கையில் இருப்பது.

பிறகு என் 41 டிரேடுகளையே எடுத்து, வரிசை மாற்றாமல், ஒரு லாட்டில் செய்திருந்தால் என்று கணக்கிட்டேன். 24 தோல்வியில் 17 வெற்றியைக் கழித்தால் 7 அலகு நட்டம், 52,500 ரூபாய். செலவு டிரேடுக்கு 300 வீதம் 12,300. மொத்தம் 64,800 ரூபாய் நட்டம். இருப்பு 5,35,200 ஆக இருந்திருக்கும். இரண்டு லாட்டில் என்றால் 4,70,400. அணக்கரைப் பெரியவருக்குக் கொடுக்க இரண்டிலும் பணம் இருந்திருக்கும். அதே சந்தை, அதே விதி, அதே மோசமான எட்டு மாதம். இந்தக் கணக்கை எழுதி முடித்த இரவு என் மனைவியிடம் நோட்டைக் காட்டினேன். அவர் அதை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

ஓர் இடத்தில் மட்டும் நான் ஆசிரியரோடு வாதாடினேன். தோற்கத் தோற்க அளவைக் குறைத்துக்கொண்டே போனால் கணக்கு அழியவே அழியாதே என்றேன். அது உண்மைதான் என்றார். எப்போதும் இருப்பில் நூற்றுக்கு இத்தனை என்று வைத்தால், பூஜ்யத்தைக் கணக்குப்படி தொடமாட்டோம். எத்தனை வைத்தால் பணம் மிக வேகமாக வளரும் என்பதற்கு 1956-இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜான் கெல்லி ஒரு விடை சொன்னார். இந்த மாதிரிச் சமமான ஆட்டத்தில், சாதகம் எவ்வளவோ அவ்வளவு. சாதகம் 6 என்றால் இருப்பில் 6 விழுக்காடு. ஆனால் அந்த அளவில் ஆடுகிறவரின் பணம் என்றாவது ஒரு நாள் தொடக்கத் தொகையில் பாதிக்கு இறங்கும் வாய்ப்பு ஏறக்குறைய சரிபாதி. அதில் பாதி அளவில் ஆடினால் அந்த வாய்ப்பு எட்டில் ஒன்று. இரட்டிப்பு அளவில் ஆடினால் வளர்ச்சியே நின்றுவிடும்.

பாதிதான் என் கோடு. அப்படிப் பார்த்தால் கெல்லியின் முழு அளவுகூட எனக்கு நாணயம் சுண்டுவதுதான். அதைவிட மோசமானது நான் செய்தது. 6,96,000 இருக்கும்போது 5 லாட் என்பது 5.4 விழுக்காடு. இருப்பு 4,47,000-க்கு இறங்கியபோதும் அதே 5 லாட். இப்போது அது 8.4 விழுக்காடு. லாட்டை நான் மாற்றவில்லை, ஆகவே ஆபத்தும் மாறவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பணம் கரையக் கரையப் பந்தயம் பெரிதாகிக்கொண்டே போனது. என் உண்மையான சாதகம் 4 என்றால், கெல்லி அளவைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். பங்குகளைப் பிணை வைத்தது இதை என் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது. மார்ஜின் போதவில்லை என்று திரை தடுத்திருந்தால் அதுவே எனக்கு ஒரு பாதுகாப்பாக இருந்திருக்கும்.

சூத்திரம் எங்கே பொய்யாகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு தோல்வி ஓர் அலகு என்ற அனுமானத்தில்தான் அது நிற்கிறது. இரவு முழுவதும் டிரேடைத் திறந்து வைத்திருப்பவனுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. 2025 ஏப்ரல் 4, வெள்ளிக்கிழமை நிஃப்டி 22,904-இல் முடிந்தது. அமெரிக்க இறக்குமதி வரி அறிவிப்பால் உலகச் சந்தைகள் சரிந்த அந்த வாரக்கடைசிக்குப் பிறகு, திங்கள்கிழமை காலை திறக்கும்போதே 1,100 புள்ளிக்கு மேல் கீழே இருந்தது. வெள்ளி மாலை விலையில் வாங்கி 150 புள்ளி ஸ்டாப்லாஸ் போட்டிருந்தவரிடம் அந்த விலையில் வாங்க ஆளே இல்லை. ஒரே காலையில் ஏழு அலகுக்கு மேல் போயிருக்கும். பத்து அலகு வைத்திருந்தவருக்கு மூன்றுகூட மிஞ்சாது. நாற்பது வைத்திருந்தவருக்கு முப்பத்திரண்டு மிஞ்சும். அதனால் சூத்திரம் தரும் எண்ணை, இருக்கக்கூடிய ஆபத்தில் மிகக் குறைந்தது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். 0.05 என்று காட்டினால் இறங்கமாட்டேன். 0.01-க்குக் கீழே, அதுவும் நோட்டு சொல்லும் சாதகத்தில் பாதியைப் போட்டுப் பார்த்தபிறகு காட்டினால்தான் இறங்குவேன்.

இந்தக் கட்டளையை நான் வைத்த பிறகு, நிஃப்டி ஃபியூச்சர்ஸ் என் கைக்கு எட்டாமல் போய்விட்டது. 2024 நவம்பரில் லாட் அளவு 75 ஆனது. அப்போது ஒரே ஒரு லாட்டில் 150 புள்ளி என்பது 11,250 ரூபாய். 3 லட்சத்தில் 26 அலகுதான். பாதிச் சாதகம் 3 என்று வைத்தால் அழியும் வாய்ப்பு நூற்றுக்கு 20-க்கு மேல். ஒரு லாட்டுக்குக் குறைவாக எடுக்க வழியில்லை. அப்போது எனக்கு மிஞ்சும் சரியான அளவு பூஜ்யம் லாட். இதை ஏற்றுக்கொள்ளச் சிரமமாக இருந்தது. கையில் பணம் இருக்கிறது, மார்ஜின் இருக்கிறது, திரை அனுமதிக்கிறது. கணக்கு மட்டும் கூடாது என்கிறது. இப்போது அதே விதியை, வாங்கும் பக்கம் மட்டும், நிஃப்டிப் பங்குகளைச் சிறு யூனிட்டுகளாக வாங்க உதவும் நிதியான நிஃப்டி இ.டி.எஃப்.-இல் செய்கிறேன். அங்கே எத்தனை யூனிட் வேண்டுமோ அத்தனை வாங்கலாம். அலகை நான் தீர்மானிக்கலாம். தோட்டக்காரர்களின் முன்பணம் வேறு வங்கியில் வேறு கணக்கில் இருக்கிறது. அதை டிரேடிங் கணக்குடன் இணைக்கவே இல்லை.

லாட் அளவு 75-ஆக இருந்த நாட்களில் ஒருமுறை என் அக்காள் மகன் கம்பத்திலிருந்து வந்திருந்தான். 2 லட்சம் சேர்த்திருக்கிறானாம், ஒரு லாட் எடுக்கப் போகிறானாம். அவனிடமும் ஒரு விதி இருக்கிறது, அவனும் நூற்றுக்கு 55 என்கிறான். சூத்திரத்தைச் சொல்லாமல், ஆசிரியர் எனக்குச் செய்துகாட்டியதை அவனுக்குச் செய்தேன். ஒரு துணிப்பையில் 52 பச்சை ஏலக்காயும் 48 வெளுத்த காயும் போட்டேன். செலவு போக மிஞ்சுவது என் கணக்கில் அவ்வளவுதான். பார்க்காமல் ஒன்றை எடுக்க வேண்டும். பச்சை வந்தால் ஓர் அலகு கூட்டல், வெளுப்பு வந்தால் ஓர் அலகு கழித்தல். எடுத்த காயைத் திரும்பப் போட்டுக் குலுக்க வேண்டும். பத்து அலகில் தொடங்கி நூறு முறை எடுத்தால் ஓர் ஆட்டம்.

மூன்று மாலைகள் உட்கார்ந்து இருபது ஆட்டம் ஆடினான். ஐந்தில் காலியானான். நூறு முறைக்குள் மட்டும் அது. மீதி பதினைந்தில் சிலவற்றில் பணம் இரட்டிப்பாகியும் இருந்தது. பை ஒன்றுதான், காய்கள் அவைதான். காலியான ஐந்தில் இரண்டு ஆட்டங்களில் முதல் இருபது எடுப்பு முடிந்தபோது அவன் லாபத்தில் இருந்தான். அந்த இரண்டு ஆட்டங்களின் தாளை மட்டும் அவன் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பார்த்தான். பிறகு அதே இருபது ஆட்டங்களின் தாள்களை வைத்து, நாற்பது அலகில் தொடங்கியிருந்தால் எத்தனையில் காலியாகியிருப்பான் என்று அவனையே எண்ணச் சொன்னேன். ஒன்றில்கூட இல்லை.

“மாமா, அந்த 2 லட்சத்தில் 80,000 அடுத்த ஆண்டு தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்தது” என்றான். நான் கேட்காமலே சொன்னான்.

மீதி 1,20,000-ஐ அவனே தாளில் 11,250-ஆல் வகுத்தான். பத்தரைக்குச் சற்று மேல் வந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டுக் கடைசி குமுளி–கம்பம் பஸ்ஸுக்குக் கிளம்பினான். பையையும் எடுத்துப் போகட்டுமா என்று கேட்டான், அவன் அறைத் தோழன் ஒருவனும் இதே எண்ணத்தில் இருக்கிறானாம். காய்களை எண்ணிப் பார்த்து, குறைந்திருந்த ஒரு பச்சையைப் போட்டுக் கொடுத்தேன்.